மரியாதை இருக்கிறதா என்பதுதான் கேள்வி என்றால்: டூ ஆஃப் கப்ஸ், லவ்வர்ஸ் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படிப்பது எப்படி

புதிதாகப் பழக ஆரம்பித்தவர்கள் டாரோ கார்டுகள் முன் உட்கார்ந்ததும் கேட்பது பெரும்பாலும் "இது சரிவருமா?" அல்லது "அவருக்கு என்னைப் பிடிச்சிருக்கா?" என்பதுதான். பத்து நிமிடம் பேச்சுக்கொடுத்தால் வேறொரு கதை வெளியே வரும். நண்பர்கள் முன்னால் கிண்டலடித்தார், கேட்காமலேயே திட்டத்தை மாற்றினார், "வேண்டாம்" என்று சொன்னது காதில் விழாத மாதிரி நடந்துகொண்டார். பிடித்திருக்கிறதா என்பதில் கேட்பவருக்குப் பெரிய சந்தேகமே இல்லை. தன்னை ஒரு ஆளாக மதிக்கிறாரா என்பதில்தான் சந்தேகம்.

இந்த மாதிரி நேரத்தில் லவ்வர்ஸ் கார்டு வந்தால் சந்தோஷப்பட்டு ரீடிங்கை அங்கேயே முடித்துவிடுகிறவர்கள் நிறையப் பேர். டூ ஆஃப் கப்ஸ் வந்தால் "இதுவும் காதல் கார்டுதான், கொஞ்சம் சின்னது" என்று நகர்ந்துவிடுவார்கள். மரியாதை பற்றிய கேள்வியில் நிலைமை தலைகீழ். டூ ஆஃப் கப்ஸ்தான் நேரடியாகப் பேசும். லவ்வர்ஸ் வேறொரு கேள்வியைத் திருப்பிக் கேட்கும். ஏன் அப்படி என்பதைப் படங்களிலிருந்தே பார்த்துவிட்டு, இரண்டையும் வைத்து ஐந்து கார்டு ரீடிங் ஒன்றைப் போடும் முறையைப் படிப்படியாகப் பார்க்கலாம்.

இங்கே சொல்வதெல்லாம் ரைடர்–வெய்ட்–ஸ்மித் டெக்கை வைத்து. ஆர்தர் எட்வர்ட் வெய்ட் திட்டமிட, பமீலா கோல்மன் ஸ்மித் வரைந்து, 1909இல் லண்டனில் வெளியான டெக் அது. இன்று கடைகளில் கிடைக்கும் பெரும்பாலான டெக்குகள் இதன் படங்களைத்தான் வேறு வேறு பாணியில் திருப்பி வரைகின்றன. உங்கள் டெக் வேறு மாதிரி என்றால் என்ன செய்வது என்று பின்னால் வருகிறது.

முதலில் படங்களைப் பாருங்கள்

இரண்டு கார்டுகளையும் டெக்கிலிருந்து எடுத்து அருகருகே வையுங்கள். அர்த்தப் புத்தகத்தைத் திறக்க வேண்டாம். கண்கள் எங்கே பார்க்கின்றன என்பதை மட்டும் கவனியுங்கள்.

டூ ஆஃப் கப்ஸில் இளைஞன் ஒருவனும் பெண் ஒருத்தியும் நேருக்கு நேர் நிற்கிறார்கள். இருவர் தலையிலும் மாலை. இருவரிடமும் ஆளுக்கொரு கிண்ணம். ஒரே கிண்ணத்தைப் பகிர்ந்துகொள்ளவில்லை, ஒருவர் கொடுக்க மற்றவர் வாங்கவும் இல்லை. இருவரும் நிற்பது ஒரே தரையில். அவன் கை அவள் பக்கம் நீள்கிறது, ஆனால் அவள் கிண்ணம் அவளிடமே இருக்கிறது. கிண்ணங்களுக்கு மேலே, இரண்டு பாம்புகள் சுற்றிய ஹெர்மிஸின் கோல் எழுகிறது. அதன் உச்சியில் சிறகுகள், சிறகுகளுக்கு நடுவே சிங்கத் தலை. இருவருக்கும் இடையில் உருவாகும் மூன்றாவது விஷயம் அது: ஒப்பந்தம் என்றோ உறவு என்றோ வைத்துக்கொள்ளுங்கள். அது இருவரிடமிருந்தும் எழுகிறது, ஒருவருடைய சொத்து இல்லை.

லவ்வர்ஸில் அமைப்பே வேறு. ஆணும் பெண்ணும் ஆடையில்லாமல், இடைவெளி விட்டு நிற்கிறார்கள். மேலே பெரிய தேவதை, அதன் பின்னால் சூரியன். பெண்ணுக்குப் பின்னால் பாம்பு சுற்றிய பழமரம், ஆணுக்குப் பின்னால் தீச்சுடர் இலைகள் கொண்ட மரம், நடுவே தூரத்தில் ஒரு மலை. ஆண் பெண்ணைப் பார்க்கிறான். பெண் அவனைப் பார்க்கவில்லை, தலையைத் தூக்கி தேவதையைப் பார்க்கிறாள். காதல் கார்டு என்று பெயர் வாங்கிய இந்தப் படத்தில் இரண்டு பேரின் பார்வையும் சந்திப்பதே இல்லை!

மரியாதை கேள்விக்கு இந்த ஒரு வித்தியாசம் போதும். மரியாதை என்பது எதிரே நிற்கும் ஆளிடம் நடந்துகொள்ளும் விதம். பேச்சில், கேட்பதில், விட்டுக்கொடுப்பதில் தெரிவது. டூ ஆஃப் கப்ஸ் காட்டுவது அந்தப் பரிமாற்றத்தை. லவ்வர்ஸ் காட்டுவது, இரண்டு பேருக்கும் மேலே இருக்கும் ஒன்றை வைத்து எடுக்கப்படும் முடிவை: நான் எதை உயர்வாக நினைக்கிறேன், இந்த ஆளைத் தேர்ந்தெடுத்தால் அது நிற்குமா, போகுமா?

லவ்வர்ஸ் தேர்வைப் பற்றிய கார்டு என்பது பிற்காலத்தில் ஒட்டவைத்த விளக்கம் இல்லை. இதைவிடப் பழைய மார்சே டெக்கில் இதே ஆறாம் எண் கார்டில் ஒருவன் இரண்டு பெண்களுக்கு நடுவே நிற்க, மேலே மன்மதன் அம்பைக் குறிபார்க்கிறான். வெய்ட் அந்தக் காட்சியை ஏதேன் தோட்டமாக மாற்றினார். தேர்வு என்ற பொருள் கூடவே வந்துவிட்டது.

ஜாதகம் தெரிந்தவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. கோல்டன் டான் என்ற ஆங்கிலேய மறைஞானக் குழுவின் மரபில் டூ ஆஃப் கப்ஸுக்குக் கடகத்தில் சுக்கிரன், லவ்வர்ஸுக்கு மிதுனம் என்று ஒதுக்கியிருக்கிறார்கள். அது மேற்கத்திய சாயன ராசி. டூ ஆஃப் கப்ஸுக்கு உரிய கடகத்தின் முதல் பத்து பாகை ஜூன் 21 முதல் ஜூலை 1 வரை ஓடும். நம் பஞ்சாங்கப்படி அப்போது ஆனி மாதம், சூரியன் மிதுனத்தில்தான் இருப்பார். இரண்டையும் கலந்தால் எந்தப் பக்கமும் நிற்காது. இந்த ரீடிங்குக்கு ராசி தேவையும் இல்லை.

கேள்வியைச் சரிபார்ப்பது

கார்டைக் கலைப்பதற்கு முன் செய்ய வேண்டிய வேலை இது. ஒரு தாளில் கேள்வியை வந்த வார்த்தைகளிலேயே எழுதுங்கள். அதன் கீழே, "இந்தக் கேள்வி கடைசியாக எப்போது மனசைக் குடைந்தது? அன்று என்ன நடந்தது?" என்பதற்கு நாலைந்து வரியில் பதில் எழுதுங்கள். அபிப்பிராயம் வேண்டாம், நடந்ததை மட்டும். யார் என்ன சொன்னார், அடுத்து யார் என்ன செய்தார்.

எழுதியதில் வருவது ஃபோன் பண்ணவில்லை, மெசேஜுக்குப் பதில் இல்லை, பார்க்க வரவில்லை என்பது மட்டும்தான் என்றால், கேள்வி ஆர்வத்தைப் பற்றியது. அதற்கு இந்த முறை பொருந்தாது, சாதாரண மூன்று கார்டு போதும். குறுக்கே பேசினார், எனக்காக அவரே பதில் சொன்னார், நான் சொன்னதைச் சிரித்துத் தள்ளினார், என் நேரத்துக்கு மதிப்பே இல்லை என்று வந்தால் அது மரியாதை. தான் "நீ" என்று கூப்பிட்டுக்கொண்டு எதிரே இருப்பவர் "நீங்க" என்றே சொல்ல வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் இதில் சேரும். இருவரும் பேசி ஒத்துக்கொண்டிருந்தால் அது வேறு விஷயம்.

பிறகு கேள்வியைத் திருத்தி எழுதுங்கள். "அவர் என்னை மதிக்கிறாரா?" என்பதுகூடச் சரியான கேள்வி இல்லை, ஏனென்றால் அது அவர் மனசுக்குள் எட்டிப் பார்க்கச் சொல்கிறது. கார்டு அதைச் செய்யாது. செய்யும் என்று சொல்பவர் ஊகத்தைத்தான் சொல்கிறார். "எங்கள் இருவருக்கும் இடையில் கொடுக்கல் வாங்கல் எப்படி நடக்கிறது, அதைப் பார்த்து நான் எடுக்க வேண்டிய முடிவு என்ன?" என்று எழுதினால் கேள்வி இரண்டு பாதியாகப் பிரியும். முதல் பாதி டூ ஆஃப் கப்ஸுக்கு, இரண்டாம் பாதி லவ்வர்ஸுக்கு.

இரண்டு கார்டுகளை வெளியே எடுத்துவைப்பது ஏன்

இரண்டையும் ஒப்பிட வேண்டுமென்றால் இரண்டும் மேசைக்கு வர வேண்டும். 78 கார்டிலிருந்து ஐந்தை உருவினால் இந்த இரண்டும் சேர்ந்து வருவதற்கு வாய்ப்பு ஏறக்குறைய 300இல் ஒன்று. இரண்டில் ஒன்றாவது வருவதற்கே எட்டில் ஒன்றுதான். தானாக வரும் என்று காத்திருந்து பயனில்லை. அதனால் அவற்றை நாமே எடுத்து, முகம் தெரிய, இரண்டு தலைப்பு மாதிரி மேலே வைத்துவிடுகிறோம். மீதி 76 கார்டைத்தான் கலைக்கிறோம்.

இதில் இன்னொரு லாபம் உண்டு. லவ்வர்ஸ் வந்துவிடாதா என்று கேட்பவர் ஏங்கிக்கொண்டிருக்க மாட்டார். அது ஏற்கெனவே மேசையில் இருக்கிறது, அதற்கு அதிர்ஷ்ட மதிப்பு எதுவும் இல்லை என்பது முதலிலேயே தெளிவாகிவிடும்.

கார்டுகளை அடுக்குவது

டூ ஆஃப் கப்ஸை இடது பக்கமும் லவ்வர்ஸை வலது பக்கமும், இடையில் ஒரு சாண் விட்டு வையுங்கள். 76 கார்டையும் நன்றாகக் கலையுங்கள். ஏழெட்டு முறையாவது கலைத்தால்தான் பழைய வரிசை உடையும். டூ ஆஃப் கப்ஸுக்குக் கீழே மூன்று, லவ்வர்ஸுக்குக் கீழே இரண்டு என்று ஐந்து கார்டை முகம் கவிழ்த்து வையுங்கள். இடங்கள் படத்திலிருந்தே வருகின்றன.

முதல் இடம், என் கிண்ணம். இந்த உறவுக்குள் நான் எதைக் கொண்டுவருகிறேன், எப்படிக் கொண்டுவருகிறேன்.

இரண்டாவது இடம், எதிரே நீளும் கிண்ணம். அவர் மனதில் இருப்பது அல்ல, இதுவரை என்னிடம் உண்மையில் வந்து சேர்ந்தது. இந்த வித்தியாசத்தை விட்டுவிட்டால் முழு ரீடிங்கும் கோணலாகிவிடும்.

மூன்றாவது இடம், நடுவில் எழும் கோல். நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து உருவாக்கிவைத்திருக்கும் பழக்கம்.

லவ்வர்ஸின் கீழே நான்காவது இடம், தேவதை. விட்டுக்கொடுக்கக் கூடாது என்று நான் அண்ணாந்து பார்ப்பது எது. ஐந்தாவது, இருவருக்கும் நடுவே தூரத்தில் தெரியும் மலை. இன்னும் ஏறாத இடம், அதாவது நான் தள்ளிப்போட்டுக்கொண்டிருக்கும் முடிவு.

முதல் மூன்றையும் திருப்பிப் படித்து முடித்த பிறகே கடைசி இரண்டைத் திருப்புங்கள். ஐந்தையும் ஒரே நேரத்தில் திருப்பினால் கண் நேராக ஐந்தாவதுக்கு ஓடும், முடிவு என்ன என்று. முடிவு தெரிந்துவிட்டால் முதல் மூன்றும் அதற்கு ஏற்றபடி வளைந்துகொடுக்கும்.

தலைகீழாக வரும் கார்டைப் படிக்கிறவர் என்றால் கலைக்கும்போதே தீர்மானித்துவிடுங்கள். தொடக்கநிலையில் எல்லாவற்றையும் நேராகவே வைப்பது நல்லது. இந்த அடுக்கில் இடங்களே போதுமான அளவு பேசுகின்றன.

டூ ஆஃப் கப்ஸின் கீழே என்ன தேடுவது

முதல் இரண்டு கார்டையும் தனித்தனியாக அர்த்தம் சொல்லாமல் ஜோடியாகப் பாருங்கள். தேட வேண்டியது சமநிலை. கார்டு நல்லதா கெட்டதா என்பது இங்கே இரண்டாம்பட்சம். டென் ஆஃப் கப்ஸும் கிங் ஆஃப் பென்டகிள்ஸும் வந்தால் இரண்டுமே "நல்ல" கார்டுகள்தான். ஆனால் ஒன்றில் தம்பதி வானவில்லைப் பார்த்துக் கை நீட்டி நிற்க, பக்கத்தில் பிள்ளைகள் ஆடுகிறார்கள், மற்றதில் ஒருவர் சிம்மாசனத்தில் தனியாக உட்கார்ந்திருக்கிறார். ஒருவர் குடும்பக் கனவோடு வர, மற்றவரிடமிருந்து வந்து சேர்வது வசதியும் பாதுகாப்பும். கெட்டது என்று சொல்ல முடியாது, ஆனால் ஒரே உயரமும் இல்லை.

மூன்று கேள்விகள் உதவும். இரண்டு கார்டிலும் இருப்பவர்கள் நிற்கிறார்களா, உட்கார்ந்திருக்கிறார்களா, மண்டியிடுகிறார்களா? கையில் இருப்பது திறந்திருக்கிறதா, மூடியிருக்கிறதா? பக்கத்தில் வைத்தால் முகங்கள் ஒன்றையொன்று பார்க்கின்றனவா, முதுகு காட்டுகின்றனவா?

சில கார்டுகள் இந்த இடங்களில் வந்தால் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். சிக்ஸ் ஆஃப் கப்ஸ் இனிமையான கார்டு. பூ நிறைந்த கிண்ணத்தை ஒரு சின்னப் பெண்ணிடம் நீட்டுகிறான் அவளைவிடப் பெரியவன். அன்பு இருக்கிறது, உயரம் சமமில்லை. "நான் பார்த்துக்கிறேன், உனக்கு ஒண்ணும் தெரியாது" என்கிற வகைப் பாசம் இதில் ஒளிந்துகொள்ளும். ஃபோர் ஆஃப் கப்ஸில் மேகத்திலிருந்து ஒரு கை கிண்ணத்தை நீட்டுகிறது, மரத்தடியில் கைகட்டி உட்கார்ந்திருப்பவன் கவனிக்கவில்லை. அது முதல் இடத்தில் வந்தால், மரியாதை வந்துகொண்டுதான் இருக்கிறது, வாங்கிக்கொள்ளத் தயாராக இல்லாதவர் கேட்பவரே என்ற சாத்தியத்தையும் பேசியாக வேண்டும். எப்போதும் குற்றம் எதிர்ப்பக்கம்தான் என்று இந்த ரீடிங்கை முன்கூட்டியே சாய்த்துவைக்கக் கூடாது.

லவ்வர்ஸின் கீழே என்ன தேடுவது

இங்கே சமநிலையைத் தேடாதீர்கள். நான்காவது கார்டு ஒரு அளவுகோல், ஐந்தாவது ஒரு வேலை. நான்காவதில் சுகமான கார்டு வந்தாலும் கசப்பான கார்டு வந்தாலும் "இதை இழந்தால் நான் நானாக இருப்பேனா?" என்று கேட்டுப் படியுங்கள். ஹெர்மிட் வந்தால் தனக்கென்று தனிமை. எய்ட் ஆஃப் பென்டகிள்ஸ் வந்தால் தன் வேலை, தொழில். த்ரீ ஆஃப் கப்ஸ் வந்தால் தோழிகள். உறவு புதிதாக இருக்கும்போது முதலில் அமைதியாக விட்டுக்கொடுக்கப்படுவது இந்த மாதிரி விஷயம்தான்.

இந்த இரண்டு இடங்களில் எதிலாவது டெவில் வந்தால் லவ்வர்ஸுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அதே ஆண், அதே பெண், மேலே தேவதை இருந்த இடத்தில் கொம்பு வைத்த உருவம். எண் 15, கூட்டினால் ஆறு. இருவர் கழுத்திலும் சங்கிலி, ஆனால் கழற்றிவிடும் அளவுக்குத் தளர்வாக. ஈர்ப்பு குறையவில்லை, தேர்வு காணாமல் போய்விட்டது என்று படிக்கலாம். "அவரை விட்டு இருக்க முடியல" என்ற வாக்கியத்தைக் காதலுக்குச் சான்றாக எடுத்துக்கொண்டிருக்கிறோமா என்று கேட்க இது சரியான சமயம்.

ஒரு ரீடிங், முழுதாக

ஒரு பெண் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மூன்று மாதமாக ஒருவரோடு பழக்கம். எழுதிய கேள்வி: "இது கல்யாணம் வரைக்கும் போகுமா?" கீழே எழுதிய சம்பவம் இது. பழகுபவருடைய நண்பர்களோடு இருவரும் சாப்பிடப் போனார்கள். நண்பர்களில் ஒருவர் இவளிடம் வேலையைப் பற்றி ஏதோ கேட்டார். இவள் வாயைத் திறப்பதற்குள் அவர் "அவளுக்கு அதெல்லாம் சொல்லத் தெரியாதுடா" என்று சிரித்துவிட்டு, அவரே பதிலைச் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள், இவளும் சிரித்துவைத்தாள். திரும்பி வரும்போது வீட்டு வாசல் வரை கொண்டுவந்து விட்டார், வழியில் ஐஸ்கிரீமும் வாங்கிக்கொடுத்தார்.

கேள்வி கல்யாணம், சம்பவம் மரியாதை. திருத்தி எழுதியாகிவிட்டது. வந்த கார்டுகள்:

முதல் இடத்தில் குவீன் ஆஃப் கப்ஸ். கையில் இருக்கும் கிண்ணம் மிக வேலைப்பாடானது, ஆனால் மூடி போட்டது. கப்ஸ் வகையில் மற்ற கிண்ணங்களுக்கு இப்படி மூடி இல்லை. அவள் அதையே உற்றுப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். கேட்பவர் நிறைய உணர்வைக் கொண்டுவருகிறார், வெளியே எடுத்துக் காட்டவில்லை. அன்று சங்கடமாக இருந்தது என்பதை அவரிடம் சொன்னாரா என்று கேட்டால், சொல்லவில்லை என்பதுதான் பதிலாக இருக்கும்.

இரண்டாவதில் சிக்ஸ் ஆஃப் பென்டகிள்ஸ். ஒரு பணக்காரர் நின்றபடி காசு போடுகிறார், கீழே இருவர் மண்டியிட்டுக் கை நீட்டுகிறார்கள். ஒரு கையில் தராசு. கொடுப்பது நிஜம்: ஐஸ்கிரீம், வாசல் வரை துணை, இன்னும் எத்தனையோ. ஆனால் எவ்வளவு, எப்போது, எதை என்று தீர்மானிப்பவர் கொடுப்பவர் மட்டுமே. டூ ஆஃப் கப்ஸோடு ஒட்டிவைத்துப் பார்த்தால் உடனே தெரியும்: அங்கே இரண்டு பேரும் ஒரே தரையில் நிற்கிறார்கள், இங்கே இல்லை. தாராள குணத்தை மரியாதை என்று எடுத்துக்கொள்வது புது உறவுகளில் சர்வ சாதாரணமாக நடப்பது. இந்தக் கார்டு அதைப் பிரித்துக் காட்டுகிறது.

மூன்றாவதில் ஃபைவ் ஆஃப் வாண்ட்ஸ். ஐந்து இளைஞர்கள் கம்பு சுழற்றுகிறார்கள். நிஜச் சண்டையா விளையாட்டா என்று படத்தைப் பார்த்தால் தெரியாது. யாருக்கும் அடிபட்டதாகவும் காட்டவில்லை. நண்பர் கூட்டத்துக் கிண்டல் அப்படியே. இருவருக்கும் இடையே வளர்ந்திருக்கும் பழக்கம், அடுத்தவர்கள் முன்னால் ஒருவரைச் சீண்டிச் சிரிப்பது. அவருக்கு அது விளையாட்டாகவே இருக்கலாம். அதனால் இவளுக்கு வலிக்கவில்லை என்று ஆகிவிடாது. வலித்தது என்பதால் அவர் வேண்டுமென்றே செய்தார் என்றும் ஆகாது. கார்டு இதற்கு மேல் சொல்லவில்லை, நாமும் சொல்லக் கூடாது.

இங்கே நிறுத்தி, இடப் பக்கத்தை ஒரே வாக்கியமாக எழுதலாம்: "நான் மூடிவைத்திருக்கிறேன், அவர் மேலிருந்து கொடுக்கிறார், இரண்டு பேரும் அதை விளையாட்டு என்று சொல்லிக்கொள்கிறோம்."

நான்காவதில் ஜஸ்டிஸ். எதிரே நேராகப் பார்க்கும் முகம், நிமிர்ந்த வாள், மறுபடியும் ஒரு தராசு. இந்த அடுக்கில் தராசு இரண்டு முறை வந்துவிட்டது, அதைக் கவனிக்காமல் விடக் கூடாது. சிக்ஸ் ஆஃப் பென்டகிள்ஸில் தராசு கொடுப்பவர் கையில் இருக்கிறது, அவரே ஒரு கட்சி. ஜஸ்டிஸில் அது யார் பக்கமும் சாயாத நீதிபதியிடம் இருக்கிறது. இவள் உயர்வாக நினைப்பது பரிசும் பாசமும் இல்லை. இருவருக்கும் ஒரே நியாயம். இது அவளே ஒரு வாக்கியத்தில் எழுத வேண்டிய விஷயம்: "என்னைப் பத்திக் கேட்டா நான்தான் பதில் சொல்லணும்." இவ்வளவு துல்லியமாக இருந்தால்தான் அது அளவுகோலாக வேலை செய்யும். "என்னை மதிக்கணும்" என்று பொதுவாக எழுதினால் எதை வைத்து அளப்பது?

ஐந்தாவதில் டூ ஆஃப் ஸ்வோர்ட்ஸ். கண் கட்டிய பெண், மார்பில் குறுக்காக இரண்டு வாள், பின்னால் கடல். தள்ளிப்போட்ட முடிவு என்ற இடத்துக்கு இதைவிடப் பொருத்தமான கார்டு கிடைப்பது அரிது. இதுவும் இரண்டு, மேலே இருப்பதும் இரண்டு. கப்ஸின் இரண்டு எதிரே இருப்பவரிடம் நீள்கிறது, ஸ்வோர்ட்ஸின் இரண்டு தன் மார்புக்கு மேலேயே பூட்டிக்கொள்கிறது. உறவு தொடருமா என்ற முடிவு இப்போதைக்குத் தேவையில்லை. கண்கட்டை அவிழ்ப்பது, அதாவது கேட்டுத் தெரிந்துகொள்வதுதான் அடுத்த வேலை.

ஆகவே ரீடிங் இப்படி முடிகிறது. அடுத்த முறை தனியாகச் சந்திக்கும்போது, சண்டையாக இல்லாமல் அவள் சொல்ல வேண்டியது: "அன்னைக்கு என்கிட்ட கேட்டதுக்கு நீங்களே பதில் சொல்லிட்டீங்க. எனக்குச் சங்கடமா இருந்துச்சு. அடுத்த தடவை என்னைப் பேச விடுங்க." பிறகு அவர் என்ன செய்கிறார் என்று பார்க்க வேண்டும். கேட்டுக்கொண்டு, அடுத்த சந்திப்பில் வாயை மூடிக்கொண்டு இவளைப் பேசவிட்டால் கிண்ணங்கள் ஒரே உயரத்துக்கு வர ஆரம்பித்துவிட்டன. "ஜோக்கைக்கூடத் தாங்க மாட்டியா?" என்று அதையும் கிண்டலாக்கினால் ஃபைவ் ஆஃப் வாண்ட்ஸ் தொடர்கிறது. இரண்டு நாள் பேசாமல் இருந்து தண்டித்தால் ஜஸ்டிஸை வைத்து அளக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது. கல்யாணம் நடக்குமா என்ற முதல் கேள்விக்குப் பதில் எங்கே என்று அவள் கேட்டால், இந்த அடுக்கில் இல்லை என்றே சொல்லுங்கள்.

வேறு ரீடிங்கில் இவை தானாக வந்தால்

உறவு பற்றிய சாதாரண ரீடிங்கில் டூ ஆஃப் கப்ஸ் மட்டும் வந்தால், இப்போது நடக்கும் பரிமாற்றம் நேர்மையானது என்று சொல்லலாம். எத்தனை நாளைக்கு என்று அது சொல்வதில்லை. எண் இரண்டு தொடக்கம்தான். லவ்வர்ஸ் மட்டும் வந்து சுற்றி வாண்ட்ஸும் ஸ்வோர்ட்ஸுமாக இருந்தால், முடிவெடுக்க வேண்டிய கட்டாயம் இருக்கிறது, ஆனால் இருவரும் சமமாக நடந்துகொள்கிறார்கள் என்பதற்கு மேசையில் சான்று இல்லை. மேஜர் ஆர்கானா எனப்படும் முக்கியக் கார்டுகளில் ஒன்று என்பதால் அது பெரிய ஆமாம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். மேஜர் என்றால் விஷயம் பெரியது என்று பொருள், பதில் சாதகமானது என்று பொருள் இல்லை.

டூ ஆஃப் கப்ஸ் தலைகீழாக வந்தால் பிரிவு என்று பயமுறுத்துவது வழக்கமாகிவிட்டது. கிண்ணம் கவிழ்ந்தால் உள்ளே இருப்பது சிந்தும், அவ்வளவுதான். ஒரு பக்கம் கொடுத்தது மறுபக்கம் சேரவில்லை. எந்தப் பக்கம் என்பதைப் பக்கத்துக் கார்டுதான் சொல்லும். லவ்வர்ஸ் தலைகீழானால் தேவதை கீழே போய்விடுகிறது. முடிவு எடுக்கப்படுகிறது, ஆனால் சொந்த அளவுகோலை வைத்து இல்லை. வயசாகிறது, வீட்டில் கேட்கிறார்கள், தோழிக்கு நிச்சயமாகிவிட்டது என்ற அழுத்தங்கள் இங்கே பேசலாம்.

எங்கே தவறிப்போகிறது

அடிக்கடி நடப்பது கூடுதல் கார்டு எடுப்பது. இரண்டாவது இடத்தில் பிடிக்காத கார்டு வந்ததும் "தெளிவுக்காக இன்னொண்ணு" என்று உருவுவது, அதுவும் பிடிக்கவில்லை என்றால் மூன்றாவது. மூன்றாவதில் ஏதாவது கப்ஸ் வந்தால் நிம்மதி. இந்த அடுக்கில் கூடுதல் கார்டு வேண்டாம். ஒரு கார்டு புரியவில்லை என்றால் எழுதிவைத்த சம்பவத்தைத் திரும்பப் படியுங்கள், விளக்கம் பெரும்பாலும் அங்கே கிடைக்கும்.

அடுத்தது, படத்தில் இருக்கும் ஆணையும் பெண்ணையும் அப்படியே ஆண், பெண் என்று எடுத்துக்கொள்வது. லவ்வர்ஸில் மேலே பார்ப்பது யாராகவும் இருக்கலாம். இரண்டு ஆண்கள், இரண்டு பெண்கள் பழகும் உறவிலும் அடுக்கு மாறாது. என் கிண்ணம், எதிரே நீளும் கிண்ணம், அவ்வளவுதான்.

டெக் மாறினால் முறையும் கொஞ்சம் மாறும். மார்சே வகை டெக்கில் டூ ஆஃப் கப்ஸில் மனிதர்களே இல்லை. இரண்டு கிண்ணமும் அலங்காரமும்தான். பார்வையை வைத்துப் படிக்க முடியாது, எண்ணையும் வகையையும் வைத்துத்தான் படிக்க வேண்டும். ஃப்ரீடா ஹாரிஸ் வரைந்த தோத் டெக்கில் டூ ஆஃப் கப்ஸின் மேலேயே காதல் என்று தலைப்புப் போட்டிருப்பார்கள்; அந்த வார்த்தையைப் பார்த்ததும் மரியாதை என்ற கேள்வி மறந்துபோகும். இந்தக் கேள்விக்கு மட்டுமாவது ரைடர் டெக்கை எடுப்பது சுலபம்.

கடைசியாக, கார்டை மூடிவைக்க வேண்டிய இடம். எழுதிய சம்பவத்தில் அடி, மிரட்டல், ஃபோனைப் பிடுங்கிப் பார்ப்பது, சம்பளத்தை வாங்கிவைத்துக்கொள்வது, யாரோடும் பேச விடாதது என்று ஏதாவது இருந்தால் அது மரியாதைக் கேள்வியே இல்லை, பாதுகாப்புக் கேள்வி. அங்கே ரீடிங் போடாதீர்கள். போட்டால் ஒரு நல்ல கார்டு போதும், கேட்பவர் இன்னும் ஆறு மாதம் பொறுத்துக்கொள்வார். நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லச் சொல்லுங்கள். இந்தியாவில் பெண்கள் 181 என்ற உதவி எண்ணை அழைக்கலாம்.

மறுபடி எப்போது போடுவது

ஐந்து கார்டையும் ஃபோட்டோ எடுத்து, எழுதிய சம்பவம், இடப் பக்கத்து ஒரு வரி, நான்காவது இடத்து ஒரு வரி மூன்றையும் கூடவே வையுங்கள். சொல்ல வேண்டியதைச் சொல்லி, அதற்குப் பிறகு குறைந்தது இரண்டு மூன்று சந்திப்பாவது ஆகும் வரை இதே கேள்விக்கு மறுபடி கலைக்க வேண்டாம். புதிய சம்பவம் எதுவும் இல்லாமல் போட்டால் பழைய பதற்றம்தான் படிக்கப்படும். மறுபடி போடும்போது டூ ஆஃப் கப்ஸையும் லவ்வர்ஸையும் அதே இடங்களில் வையுங்கள், முதலில் பழைய இரண்டாவது கார்டையும் புதிய இரண்டாவது கார்டையும் ஒப்பிடுங்கள். மற்ற நான்கும் அப்புறம்.